சங்கங்களை எண்ணுதல்: குடிமை வாழ்வை அளக்க முயன்ற மூன்று ஆய்வுகள்

'சங்கம்' என்பது நமக்கு மிகப் பழகிய சொல். புலவர் அவையையும் துறவியர் குழுவையும் குறித்து வந்த அச்சொல், இன்று தொழிலாளர் அமைப்பையும், வணிகர் கூட்டமைப்பையும், முன்னாள் மாணவர் குழுவையும் குறிக்கிறது. இவ்வாறு மக்கள் தாமே விரும்பிக் கூடும் அமைப்புகள் மிகுந்துள்ள நாட்டில் மக்களாட்சி நலமாக இயங்கும் என்ற கருத்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அரசியல் அறிஞரிடையே நிலவி வருகிறது. கருத்து எளிது. அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எண்ணலாம். அச்சங்கத்தால் ஊருக்கு விளைந்த நம்பிக்கையை எவ்வாறு எண்ணுவது? இவ்வுரையில் இக்கேள்விக்கு விடை தேடிய மூன்று ஆய்வுகளை நாம் காண்போம். ஒன்று இத்தாலியைப் பற்றியது. மற்றொன்று செருமனியைப் பற்றியது. மூன்றாவது இந்தியாவைப் பற்றியது.

கருத்தின் தோற்றம்

1831இல் அலெக்சி தெ தொக்வீல் என்ற பிரெஞ்சு இளைஞர் தம் நண்பர் போமோனுடன் அமெரிக்கா சென்றார். சிறைச்சாலைகளை ஆராய்வதே அவர்தம் பயணத்தின் நோக்கம். ஆயினும் அவர் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது வேறொன்று. பள்ளி கட்டவும், மதுவிலக்குப் பரப்பவும், நூல் பரிமாறவும் அமெரிக்கர் உடனுக்குடன் சங்கம் அமைத்தனர். அவர் பிறந்த பிரான்சிலோ, 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, இருபது பேருக்கு மேற்பட்டோர் ஒழுங்காகக் கூடும் அமைப்புக்கு அரசின் இசைவு வேண்டும். ஆகவே, பிறர் இயல்பாகக் கருதிக் கடந்து சென்றிருக்கக்கூடிய காட்சி அவருக்கு வியப்பாயிற்று. தனிமனிதர் வலுவிழந்து நிற்கும் சமநிலைச் சமுதாயத்தில், கூடிச் செயலாற்றும் பழக்கமே அரசின் பேராற்றலுக்கு எதிர்நிற்கும் அரண் என்று 1835இலும் 1840இலும் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார்.

'சமூக மூலதனம்' என்ற தொடரை இன்றைய பொருளில் முதலில் கையாண்டவர்களுள் ஒருவர் பள்ளிக்கல்வித் துறையினர் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மேற்கு வெர்ஜீனியாவின் நாட்டுப்புறப் பள்ளிகளை மேற்பார்த்த எல். ஜே. ஹனிஃபன், 1916இல் எழுதிய கட்டுரையொன்றில், அண்டை அயலாரிடையே உள்ள நல்லெண்ணமும் தோழமையும் கலந்து பழகுதலும் ஊருக்கு ஒரு வகை முதல் என்றார். பள்ளிக்கூடம் ஊரார் கூடும் இடமானால் அம்முதல் பெருகும் என்பது அவர் வாதம். பின்னர் இத்தொடர் நெடுங்காலம் வழக்கில் அருகி, 1980களில் பிரான்சின் பியேர் போர்தியூ, அமெரிக்காவின் ஜேம்ஸ் கோல்மன் ஆகியோரின் எழுத்துகளால் மீண்டும் உயிர்பெற்றது. அதனை அளவுகோலாக்கிப் பலரும் அறியச் செய்தவர் ராபர்ட் பட்னம்.

இத்தாலி: ஒரே சட்டம், இருபது விளைவுகள்

இத்தாலியின் 1948ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாட்டின் வட்டாரங்களுக்குத் தனி ஆட்சிமன்றங்கள் அமைய வழிவகுத்தது. தனிநிலை பெற்ற ஐந்து வட்டாரங்களில் அவை முன்னரே அமைந்தன. எஞ்சிய பதினைந்து வட்டாரங்கள் 1970இல்தான் தம் மன்றங்களைத் தேர்ந்தெடுத்தன. ஏறத்தாழ ஒரே அமைப்பு, ஒத்த அதிகாரங்கள். ஆனால் அவை ஊன்றப்பட்ட மண் மட்டும் வேறு வேறு. ஒரே விதையைப் பல வயல்களில் தூவிப் பார்க்கும் உழவரைப்போல, பட்னம், ராபர்ட் லியோனார்டி, ரஃபேல்லா நானெட்டி ஆகிய மூவரும் இருபது ஆண்டுகள் அம்மன்றங்களைப் பின்தொடர்ந்தனர். அவ்வாய்வின் முடிவுகள் 1993இல் நூலாக வெளிவந்தன.

முதலில், ஓர் ஆட்சிமன்றம் நன்கு செயற்படுகிறதா என்பதை அளக்கப் பன்னிரண்டு குறியீடுகளை அவர்கள் வகுத்தனர். வரவுசெலவுத் திட்டம் உரிய நாளில் நிறைவேறியதா, அமைச்சரவை நிலைத்ததா, குழந்தைகள் காப்பகங்கள் எத்தனை திறக்கப்பட்டன, வேளாண்மைக்கு ஒதுக்கிய பணம் உண்மையில் செலவாயிற்றா என்பன போன்றவை அவற்றுள் சில. இவற்றுள் மிக எளியதும் மிகக் கூர்மையானதும் கடிதச் சோதனை. 1983இல் ஒவ்வொரு வட்டார அரசுக்கும் பொதுமக்கள் எழுதுவதுபோல மூன்று கடிதங்கள் சென்றன. ஒன்று, வெளிநாட்டில் நேர்ந்த மருத்துவச் செலவை ஈடுசெய்வது பற்றியது. ஒன்று, பள்ளிப்படிப்பை முடித்த தம்பிக்கான தொழிற்பயிற்சி பற்றியது. ஒன்று, புதுப்பயிர் செய்ய விரும்பும் உழவருக்கான கடனுதவி பற்றியது. எமிலியா-ரொமாக்னாவிலும் வாலெ தாவோஸ்தாவிலும் இரண்டு கடிதங்களுக்கு ஒரு வாரத்திற்குள் முழுமையான விடை வந்தது. மூன்றாவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாயிற்று. கலாப்ரியா, காம்பானியா, சார்டினியா ஆகிய தென்புல வட்டாரங்களிலோ ஒரு கடிதத்திற்கும் விடையில்லை. பல அழைப்புகளும் நேரில் செல்லுதலும் தேவைப்பட்டன.

அடுத்து, மக்களின் குடிமைப் பண்பை அளக்க நான்கு குறியீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முதலாவது, விளையாட்டு, பண்பாட்டுச் சங்கங்களின் செறிவு. வாலெ தாவோஸ்தாவில் 377 பேருக்கு ஒரு விளையாட்டுச் சங்கம் இருந்தது. தெற்கே புல்யாவில் 1,847 பேருக்கு ஒன்று. இரண்டாவது, செய்தித்தாள் படிக்கும் குடும்பங்களின் விழுக்காடு. மூன்றாவது, பொது வாக்கெடுப்புகளில் பங்கேற்பு. மணமுறிவுச் சட்டம் போன்ற பொருள்களின்மீது நடந்த வாக்கெடுப்பில் வாக்களிப்பதால் எவருக்கும் தனிப்பட்ட ஆதாயம் இல்லை. ஆகவே அங்கு வருவோர் பொதுக் காரியத்திற்காக வருவோர் என்று கொள்ளப்பட்டது. நான்காவது நுட்பமானது. பொதுத்தேர்தலில் கட்சிக்கு வாக்களித்தபின், விரும்பினால் அக்கட்சியின் குறிப்பிட்ட வேட்பாளர் ஒருவரின் பெயரையும் வாக்காளர் எழுதலாம். இவ்வுரிமை மிகுதியாகப் பயன்பட்ட இடங்கள், சலுகை பெற்றவர் தம் புரவலருக்கு நன்றிக்கடன் செலுத்தும் இடங்கள் என்பதை ஆய்வாளர் அறிந்திருந்தனர். எனவே இது தலைகீழாகக் கணக்கிடப்பட்டது. எழுதப்பட்ட பெயர்கள் மிக மிகக் குடிமைப் பண்பு குறைவு.

இவ்விரு அளவுகளையும் இருபது வட்டாரங்களுக்கும் ஒப்பிட்டபோது ஒட்டுறவுக் கெழு 0.92 என வந்தது. இரண்டும் முற்றிலும் சேர்ந்தே ஏறி இறங்கினால் இவ்வெண் ஒன்றாக இருக்கும். தொடர்பே இல்லையெனில் சுழியாக இருக்கும். சமூக ஆய்வில் 0.92 என்பது அரிதாகக் கிட்டும் எண். வேற்றுமையின் வேரைத் தேடிய பட்னம் பன்னிரண்டாம் நூற்றாண்டிற்கே சென்றார். வடக்கே தன்னாட்சி நகரங்களும் தொழிற்குழுக்களும் தோன்றிய காலத்தில், தெற்கே 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜரின் நார்மன் அரசு மேலிருந்து கீழாக ஆண்டது. அன்று பழகிய கிடைநிலை உறவும் மேல்கீழ் உறவும் இன்றுவரை தொடர்கின்றன என்பது அவர் முடிவு.

இம்முடிவை எதிர்த்தவர் பலர். அவர்களுள் சிட்னி டாரோ முதன்மையானவர். தெற்கின் நிலையை மக்களின் பண்பாக மட்டும் பார்த்தால், அப்பகுதியை ஆண்ட அரசுகள் அதற்கு ஆற்றிய பங்கு மறைந்துபோகும் என்றார் அவர். சங்கங்கள் நல்ல அரசை உண்டாக்கினவா, அன்றி நல்ல அரசு இருந்த இடத்தில் சங்கங்கள் தழைத்தனவா? கெழு எவ்வளவு உயர்ந்தாலும் இக்கேள்விக்கு அது விடை தராது. மேலும், வடக்கும் தெற்கும் செல்வம், கல்வி முதலிய பலவற்றில் வேறுபடுவதால், அவ்வெல்லைக்கு இருபுறமும் வேறுபடும் எதனை எடுத்தாலும் வலுவான ஒட்டுறவு கிட்டக்கூடும்.

மனிதரையே கேட்டால்?

சங்கங்களை எண்ணுவதை விடுத்து மக்களின் நம்பிக்கையை நேரே கேட்டறியும் முறையும் உண்டு. 'பெரும்பாலான மனிதரை நம்பலாம் என்பீர்களா, அல்லது பிறருடன் பழகுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை என்பீர்களா?' என்ற வினா 1959இல் ஆல்மண்டும் வெர்பாவும் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் இடம்பெற்றது. 1981இல் தொடங்கிய உலக விழுமியங்கள் ஆய்வும் இதனைத் தொடர்ந்து கேட்டு வருகிறது. நாடுகளின் நம்பிக்கை அளவு என நாம் காணும் வரிசைப்பட்டியல்கள் பெரும்பாலும் இந்த ஒற்றை வினாவிலிருந்து பிறந்தவை.

மொழியியலார் பார்வையில் இவ்வினா இரு இடங்களில் நெருடுகிறது. முதலாவதாக, அதன் இரு விடைகளும் எதிர்ச்சொற்கள் அல்ல. பிறரை நம்பிக்கொண்டே எச்சரிக்கையாகவும் இருக்க ஒருவரால் முடியும். ஆயினும் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது இதனினும் பெரிது. 'பெரும்பாலான மனிதர்' என்று கேட்டவுடன் ஒருவர் உள்ளத்தில் எழும் முகங்கள் எவை? தம் தெருவாரா, தம் இனத்தாரா, முன்பின் அறியாதவரா? ஜான் டெல்ஹே, கென்னத் நியூட்டன், கிறிஸ்டியன் வெல்ட்சல் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. குடும்பத்தார், அண்டையார், அறிந்தோர், முதன்முறை சந்திப்போர், பிற சமயத்தார், பிற நாட்டார் என்று பிரித்துக் கேட்ட வினாக்களின் விடைகளோடு பழைய வினாவின் விடையை அவர்கள் ஒப்பிட்டனர். செல்வம் மிகுந்த மேலைநாடுகளில் 'பெரும்பாலான மனிதர்' என்பது அறியாதவரையும் உள்ளடக்கியது. சீனா முதலிய நாடுகளில் அதன் வட்டம் குறுகியது என்று கண்டனர். ஆகவே, ஒரே விழுக்காடு இரு நாடுகளில் ஒரே பொருளைத் தருவதில்லை.

தமிழர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கப் பெருமுயற்சி தேவையில்லை. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' என்பதும், அவரை விலக்கும் 'நாங்கள்' என்பதும் நம் மொழியில் தனித்தனிச் சொற்கள். நம்பிக்கை எவ்வளவு என்று கேட்குமுன், அது 'நாம்' என்ற வட்டத்தினதா, 'நாங்கள்' என்ற வட்டத்தினதா என்று கேட்க வேண்டும். ஆய்வாளர் இவற்றைப் பால உறவு, பிணைப்புறவு எனப் பிரிப்பர். வேறுபட்டோரை இணைப்பது முன்னது. ஒத்தோரை இறுக்குவது பின்னது.

செருமனி: சங்கங்கள் நிறைந்த ஊரின் வீழ்ச்சி

சங்கம் மிகுந்தால் மக்களாட்சி வலுப்பெறும் என்ற கோட்பாட்டுக்குக் கடுமையான சோதனை, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட செருமனி. வடசெருமனியின் நார்தைம் என்ற சிற்றூரை வில்லியம் ஷெரிடன் ஆலன் நுணுகி ஆராய்ந்து 1965இல் நூலாக்கினார். ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 161 சங்கங்கள் இருந்தன. அஃதாவது அறுபது பேருக்கு ஒன்று. அவற்றுள் விளையாட்டுச் சங்கங்கள் 21, தொழில் சார்ந்தவை 47, சமயமும் அறமும் சார்ந்தவை 23, முன்னாள் படைவீரர், நாட்டுப்பற்றுச் சங்கங்கள் 25, பொழுதுபோக்கும் தனி விருப்பமும் சார்ந்தவை 45. இத்தாலியின் அளவுகோலை இங்கு வைத்தால் நார்தைம் மிக உயர்ந்த இடம் பெறும். ஆனால் 1932 சூலைத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 37 விழுக்காடு வாக்குப் பெற்ற நாட்சிக் கட்சி, இவ்வூரில் அறுபது விழுக்காட்டைத் தாண்டியது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? சங்கங்களின் பட்டியலை விடுத்து உறுப்பினரைப் பார்த்தால் விடை தெரிகிறது. தொழிலாளருக்கு ஒரு பாடகர் சங்கம், நடுத்தர வகுப்பாருக்கு வேறொன்று, விளையாட்டிலும் அவ்வாறே. சங்கங்கள் வகுப்புப் பிளவின் வழியே பிரிந்து நின்றன. ஒரு வகுப்பினுள் அவை உண்டாக்கிய நெருக்கம் புதுக் கட்சிக்கு வாய்க்காலாயிற்று. ஊரார் மதித்த புத்தகக் கடைக்காரர் ஒருவர் அக்கட்சியில் முதலில் சேர்ந்தவர்களுள் ஒருவர். அவரே சேர்ந்துள்ளார் என்றால் அதில் தீங்கிராது என்று பிறர் எண்ணினர். நம்பிக்கை அங்கு மெய்யாகவே இருந்தது. அந்நம்பிக்கையின் மேலேறித்தான் கட்சி பரவியது. 1933இல் ஆட்சியைப் பிடித்தபின் அக்கட்சி தொழிலாளர் சங்கங்களைக் கலைத்தது. எஞ்சியவற்றைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது.

ஓர் ஊரின் கதை விதிவிலக்காக இருக்கலாம் அல்லவா? இவ்வையத்தைத் தீர்க்க முற்பட்டவர்கள் சங்கர் சத்யநாத், நிகோ ஃபொய்க்ட்லெண்டர், ஹான்ஸ்-யோவாகிம் ஃபோத் ஆகியோர். 1920களின் நகர முகவரிக் கையேடுகளிலிருந்து 229 நகரங்களின் ஏறத்தாழ 22,000 சங்கங்களை அவர்கள் தொகுத்தனர். அவற்றை நாட்சிக் கட்சியின் உறுப்பினர் சேர்க்கைப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். 2017இல் வெளியான முடிவு இது: சங்கச் செறிவு மிகுந்த நகரங்களில் கட்சியில் சேர்ந்தோர் தொகை விரைந்து பெருகியது. படைவீரர் சங்கங்கள் மட்டுமல்ல, பாடகர் சங்கங்களும் விலங்கு வளர்ப்போர் சங்கங்களும்கூட அவ்வாறே பயன்பட்டன. பால உறவு தரும் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல என்பது நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி. ஆயினும் அரசு நிலையாக இருந்த மாநிலங்களில், சிறப்பாகப் பிரஷ்யாவில், இத்தொடர்பு மெலிந்து காணப்பட்டது. நார்தைமும் பிரஷ்யாவுக்கு உட்பட்ட ஊரே என்பதை இங்கு மறத்தலாகாது. பல நகரங்களின் சராசரி ஒவ்வோர் ஊருக்கும் பொருந்துவதில்லை. எனினும் பொதுவான பாடம் தெளிவு. சங்கம் என்பது செய்தியையும் செல்வாக்கையும் கொண்டு செல்லும் வழி. அவ்வழியே எது செல்லும் என்பதை வழி தீர்மானிப்பதில்லை. அரசின் உறுதியும் அரசியலும் அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

கோழிக்கோடும் அலிகாரும்

எண்ணிக்கை போதாதெனில், எதனை அளக்க வேண்டும்? அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட நூல் ஒரு வழியைக் காட்டுகிறது. 1950 முதல் 1995 வரை இந்தியாவில் நிகழ்ந்த இந்து-முஸ்லிம் கலவரங்களை நாளிதழ்ச் செய்திகளிலிருந்து தொகுத்தபோது, உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதி எட்டே நகரங்களில் நிகழ்ந்திருக்கக் கண்டார். அங்ஙனமாயின் பிற நகரங்கள் எவ்வாறு அமைதி காத்தன? மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கு ஒத்திருக்கும் நகரங்களை இணை இணையாக எடுத்து, கலவரம் மிகுந்த ஒன்றையும் அமைதியான ஒன்றையும் ஒப்பிட்டார். அவற்றுள் ஒன்று அலிகாரும் கோழிக்கோடும். இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல்.

இரு நகரத்தாரிடமும் அவர் கேட்ட வினாக்கள் எளியவை. இரு சமயத்தாரும் விருந்து நிகழ்வுகளில் சேர்ந்து உண்பதுண்டா? கோழிக்கோட்டில் 83 விழுக்காட்டினர் உண்டென்றனர், அலிகாரில் 54. பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதுண்டா? கோழிக்கோட்டில் 90, அலிகாரில் 42. 'மனிதரை நம்புகிறீரா' என்று கேளாமல், 'யாரோடு உண்கிறீர்' என்று கேட்டதில் உள்ள நுட்பத்தை நாம் உணர வேண்டும். அறிந்த செயலைப் பற்றிய விடை, கருத்தைப் பற்றிய விடையினும் நம்பத்தக்கது.

ஆயினும் சேர்ந்து உண்பது மட்டும் பெருநகரைக் காப்பதில்லை என்பது அவர் முடிவு. சிற்றூரில் ஒருவரையொருவர் அறிவர். அங்கு அன்றாடப் பழக்கமே போதும். பல இலட்சம் பேர் வாழும் நகரில் வதந்தியைத் தடுக்க, இரு சமயத்தாரும் உறுப்பினராயுள்ள அமைப்புகள் வேண்டும். கோழிக்கோட்டில் வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அவ்வாறு கலந்திருந்தன. பூசல் எழுந்தால் தம் வணிகமும் ஊதியமும் கெடும் என்பதால், அமைதி காப்பதில் அவர்களுக்கு நேரடி நலன் இருந்தது. அலிகாரில் சங்கங்கள் இல்லாமலில்லை. அவை பெரும்பாலும் ஒரு சமயத்தாருக்குள்ளேயே அமைந்திருந்தன.

இத்தாலிய ஆய்வை இடறச் செய்த கேள்வி இங்கும் எழும். அமைதி இருந்ததால் சங்கங்கள் கலந்தனவா, சங்கங்கள் கலந்ததால் அமைதி நிலைத்ததா? இதற்காக வார்ஷ்ணே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குச் சென்றார். 1921இல் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது கொடிய வன்முறை நிகழ்ந்தது. அமைதி அங்கு தொன்றுதொட்டு வந்த வரமன்று. பின்னர் அப்பகுதியின் அரசியல் சாதிக் கொடுமையை மையமாகக் கொண்டு இயங்கியது. சமயப் பிளவு முதலிடம் பெறவில்லை. அவ்வியக்கங்களின் வழியே கலந்த அமைப்புகள் தோன்றின. அமைதி அதன்பின் நிலைத்தது என்பது அவர் காட்டும் வரிசை.

அளவுகோலைக் கையாளுவோர்க்கு

மூன்று ஆய்வுகளையும் சேர்த்து நோக்கும்போது, ஒவ்வொன்றும் முன்னதன் குறையிலிருந்து ஒரு கேள்வியைக் கூட்டுவதைக் காண்கிறோம். சங்கங்கள் எத்தனை என்று இத்தாலி கேட்டது. அவை யாருக்குப் பயன்பட்டன, அப்போது அரசு எந்நிலையில் இருந்தது என்று செருமனி கேட்கவைத்தது. அவற்றில் யார் யாரோடு அமர்ந்திருக்கிறார், பூசல் வந்தால் அவர்கள் இழப்பது என்ன என்று கோழிக்கோடு கேட்கவைத்தது.

தம் ஊரின் சங்கங்களை ஆராய விரும்பும் மாணவர் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். அங்கேயே நின்றுவிடக் கூடாது. பதிவேட்டில் இருக்கும் சங்கம் கூட்டமே நடத்தாதிருக்கலாம். பதிவில்லாத உதவிக்குழு வாரந்தோறும் கூடலாம். கடந்த ஆண்டில் எத்தனை முறை கூடினர், எத்தனை பேர் வந்தனர், பொறுப்பாளர் கடைசியாக எப்போது மாறினர், கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்பட்டதா, உறுப்பினருள் மாற்று மொழியினரும் மாற்றுத் தொழிலினரும் எத்தனை பேர் என்று கேட்டுக் குறித்தல் வேண்டும். இவ்விடைகளை ஒரே எண்ணாகக் கூட்டிச் சுருக்காமல் தனித்தனியே வைத்திருத்தல் நலம். நார்தைமின் 161 என்ற எண்ணைக் கூட்டுத்தொகையாக மட்டும் கண்டவர் அவ்வூரைப் பாராட்டியிருப்பர். அதனைப் பிரித்துப் பார்த்தவரே வகுப்புப் பிளவைக் கண்டிருப்பர்.